முட்டை வெளியாகும் நாள்: பின்னாலிருந்து எண்ணுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பீரியட்ஸ் ஒழுங்காக வருவதில்லை, முட்டை எந்த நாளில் வெளியாகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எட்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு மாதம் 28 நாளில் வரும், அடுத்த முறை 45 நாள் ஆகும். 14ஆம் நாள்தானே முட்டை வெளியாகும்?

28 நாளில் வந்த மாதத்தில் ஏறக்குறைய 14ஆம் நாள். 45 நாள் ஆன மாதத்தில் ஏறக்குறைய 31ஆம் நாள். சுழற்சியில் இரண்டு பாதி இருக்கிறது. முட்டை வளர்கிற முதல் பாதி இழுத்துக்கொண்டே போகலாம். பத்து நாளிலும் முடியும், நாற்பது நாளும் ஆகும். முட்டை வெளியான பிறகு வரும் இரண்டாம் பாதி பெரிதாக மாறாது, சுமார் 14 நாள். ஓரிரு நாள் முன்னே பின்னே இருக்கும். அதனால் அடுத்த பீரியட்ஸ் வந்த தேதியிலிருந்து 14 நாளைப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஓகினோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1924லேயே இதை எழுதிவிட்டார். நம் ஊரில் இன்னும் முன்னோக்கித்தான் எண்ணுகிறார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு: பீரியட்ஸ் வந்த பிறகுதான் கணக்குப் போட முடியும். நடந்ததைச் சொல்லுமே தவிர, வரப்போவதைச் சொல்லாது.

டாக்டர், எனக்கு இர்ரெகுலர். எந்த நாட்களில் சேர வேண்டும்? உடனே பதில் தேவை.

கடிதத்தில் ஒரு தேதியாவது இருக்கிறதா? இல்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்றும் இல்லை. கடைசி ஆறு தேதிகளை எழுதாமல் எந்த மருத்துவரிடமும் போகாதீர்கள்.

பொதுவாகச் சொல்கிறேன். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுதாகக் கிடையாது. விந்தணு ஐந்து நாள் வரை காத்திருக்கும். எனவே 10ஆம் நாளுக்குப் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால், முட்டை எப்போது வந்தாலும் அதற்காக ஆள் இருக்கும். நாள் பார்த்துக் காத்திருக்கவே வேண்டாம்.

முதல் நாள் என்பது ரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாள். தலைக்குக் குளித்த நாளும் இல்லை, ரத்தம் நின்ற நாளும் இல்லை, முந்தைய நாள் பட்ட சின்னக் கறையும் இல்லை. இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனாலும் வருகிற பட்டியல்களில் நான்கைந்து நாள் பிசகு இருக்கிறது.

மொபைல் ஆப் காட்டும் தேதியை நம்பலாமா?

30 நாளும் 50 நாளும் கொண்டவருக்கு ஆப் 40 என்று சராசரி எடுத்து, 26ஆம் நாளைக் காட்டும். அவருக்கு எந்த மாதமும் 40 நாளில் வந்ததில்லை. தேதி குறித்துவைக்க ஆப் நல்லது, அவ்வளவுதான்.

எனக்கு பி.சி.ஓ.டி. எல்.எச். ஸ்ட்ரிப் ஐந்தாறு நாள் தொடர்ந்து இரண்டு கோடு காட்டுகிறது. எது சரி?

முதலில், இரண்டு கோடு தெரிந்தாலே பாசிட்டிவ் என்று நினைக்காதீர்கள். இது கர்ப்பப் பரிசோதனை அட்டை இல்லை, முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்கும் அட்டை. டெஸ்ட் கோடு, கன்ட்ரோல் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அழுத்தமாக இருந்தால்தான் கணக்கு. அதிலிருந்து ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளியாகலாம். ஆனால் பி.சி.ஓ.டி. உள்ள பலருக்கு எல்.எச். எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதனால் கோடு மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். சிலருக்கு எல்.எச். ஏறும், முட்டை வெளியாகாமலே இறங்கும், பத்து நாள் கழித்து மறுபடி ஏறும். ஸ்ட்ரிப் சொல்வது ‘வரலாம்’, ‘வந்துவிட்டது’ என்று அது சொல்லாது.

உங்களுக்கு மிகக் குறைந்த சுழற்சி 32 நாள் என்றால் அதில் 17ஐக் கழித்து, 15ஆம் நாளிலிருந்து தினமும் பாருங்கள். வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக, விரலிடையே இழுத்தால் நீளும்படி மாறினால் காலை, மாலை இருவேளையும் பாருங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரைக் குடித்துத் தள்ள வேண்டாம், கோடு வெளிறிவிடும்.

21ஆம் நாள் புரொஜெஸ்ட்ரோன் டெஸ்டில் 0.6 வந்தது. முட்டையே வெளியாகவில்லை என்று சொல்லி மாத்திரை ஆரம்பிக்கச் சொன்னார்கள். அப்புறம் 43ஆம் நாள் பீரியட்ஸ் வந்தது. நான் என்ன செய்வது?

இந்தக் கடிதத்துக்காகவே இந்த வாரம் உட்கார்ந்தேன். இதே கதையை என் கிளினிக்கில் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன்.

புரொஜெஸ்ட்ரோன் முட்டை வெளியான பிறகுதான் ஏறும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் உச்சம் தொடும். 28 நாள் சுழற்சியில் முட்டை 14ஆம் நாள், அதோடு ஏழு சேர்த்தால் 21. அந்த 21 என்ற எண்ணுக்கு வேறு மகிமை எதுவும் கிடையாது.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 43ஆம் நாள் பீரியட்ஸ் என்றால், 14ஐக் கழித்து, 29ஆம் நாள் வாக்கில் முட்டை வெளியாகியிருக்கலாம். நீங்கள் ரத்தம் கொடுத்தது 21ஆம் நாள், அதாவது முட்டை வெளியாவதற்கு எட்டு நாள் முன்பே. அன்று 0.6 இல்லாமல் வேறென்ன இருக்கும்? எடுத்திருக்க வேண்டியது 36ஆம் நாள். அன்று 3 நானோகிராமுக்கு மேல் இருந்திருந்தால், முட்டை வெளியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.

36ஆம் நாள் என்று முன்கூட்டி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஸ்ட்ரிப் பாசிட்டிவ் ஆன நாளிலிருந்து எட்டு நாள் கழித்துக் கொடுங்கள். ஸ்ட்ரிப் வேண்டாம் என்றால் 28ஆம் நாளில் தொடங்கி, பீரியட்ஸ் வரும் வரை வாரம் ஒருமுறை. கொஞ்சம் செலவுதான், ஆனால் தப்பான நாளில் கொடுத்த ரத்தம் முழுதும் வீண் செலவு.

ஸ்கேனிலும் இதே கூத்து. 10, 12, 14 என்று மூன்று நாள் பார்த்துவிட்டு ‘முட்டை வளரவில்லை’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். 45 நாள் சுழற்சிக்காரருக்கு 14ஆம் நாளில் எல்லாமே சின்னதாகத்தான் இருக்கும். ஒரு முட்டைப்பை 10 மி.மீ. தாண்டி முந்திக்கொண்டால், அதன் பிறகு தினமும் 2 மி.மீ. வளர்ந்து, 20 மி.மீ. பக்கம் வெடிக்கும். 10 மி.மீ. தாண்டும் வரை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ரத்தப்போக்கு வந்ததாலேயே முட்டை வெளியானது என்று ஆகாது. முட்டை வராமலும் ரத்தம் வரும். அதனால் என் 29ஆம் நாள் கணக்கும் ஊகம்தான். மாத்திரை தேவைப்படவும் கூடும். ஆனால் அதை 21ஆம் நாள் ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. தைராய்டு, புரொலாக்டின் இரண்டையும் பார்த்தார்களா?

காலையில் உடல் வெப்பம் பார்ப்பது பயன்படுமா?

நடந்துவிட்டதை உறுதி செய்ய மட்டும். எழுந்ததும், காபிக்கு முன், வாயில் வைத்துப் பாருங்கள். முந்தைய ஆறு நாளைவிட அரை டிகிரி ஃபாரன்ஹீட் போல ஏறி, மூன்று நாள் அப்படியே நின்றால் முட்டை வெளியாகிவிட்டது. அதற்குள் அந்த வாய்ப்பும் போய்விட்டது. இரவுப் பணி, காய்ச்சல் என்றால் விட்டுவிடுங்கள்.

இதே கணக்கை வைத்துக் கருத்தரிக்காமல் இருக்கலாமா?

ஒழுங்கற்ற சுழற்சியில், கூடாது.

கடைசி பீரியட்ஸ் கணக்குப்படி 8 வாரம். ஸ்கேனில் ஐந்தரை வார அளவுதான், இதயத்துடிப்பு இல்லை. கரு கலைந்துவிட்டதா? எனக்கு 45 நாளுக்கு ஒருமுறைதான் வரும்.

கடைசி வரியை முதலில் எழுதியிருக்கலாம். மருத்துவமனையில் போடும் வாரக் கணக்கு, 14ஆம் நாள் முட்டை வந்ததாக வைத்துத்தான். உங்களுக்கு 31ஆம் நாள் வந்திருந்தால் 17 நாள் பின்தங்கும், ஏறக்குறைய இரண்டரை வாரம். எட்டில் இரண்டரை போனால் ஐந்தரை. அந்த வயதில் துடிப்பு தெரியாமல் இருப்பது சகஜம்.

கலையவில்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் தெரியும், அதற்கு முன் கலைப்பு மாத்திரையோ சுத்தம் செய்வதோ வேண்டாம். ஸ்ட்ரிப் பாசிட்டிவ் ஆன தேதி, கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ் வந்த தேதி எதுவும் இருந்தால் எடுத்துப் போங்கள். ஒரு பக்கமாக வயிற்று வலி, தலைசுற்றல், அதிக ரத்தப்போக்கு இருந்தால் மட்டும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.