வினாத்தாளில் ஒரு, ஓர்: எங்கே எது?

"காரைக்குடியில் ஐந்தாம் வகுப்புக்கு வினாத்தாள் தயாரிக்கிறேன். 'ஓர் பழைய வீடு' என்று எழுதலாமா? ஆச்சிக்கு முன் ஒருவா, ஓரா?"

ஓர் ஆச்சி, ஒரு பழைய வீடு. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஓர். உயிர்மெய்யில் தொடங்குவதற்கு முன் ஒரு.

பலரும் தடுமாறுவது இடையில் அடைமொழி வரும்போதுதான். பெயர்ச்சொல்லைப் பார்க்காதீர்கள், ஒட்டி நிற்கும் சொல்லைப் பாருங்கள். ஒரு வீடு, ஆனால் ஓர் அழகிய வீடு. ஓர் ஊஞ்சல், ஆனால் ஒரு தேக்கு ஊஞ்சல். யாளியின் 'யா' காதுக்கு உயிர்போல ஒலித்தாலும் உயிர்மெய்தான். ஆகவே ஒரு யாளி. கணக்கு வினாவில் இலக்கம் வந்தால் வாய்விட்டுப் படியுங்கள்: 'ஓர் 8 மீட்டர் தூண்', ஏனெனில் அது எட்டு. அதுவே 3 என்றால் ஒரு.

கோடிட்ட இடத்தில் இந்த விதியே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"முகப்பில் தொங்குவது ஓர் ____. (விளக்கு, ஊஞ்சல், மணி)"

கெட்டிக்காரப் பிள்ளை படத்தைப் பார்க்காமலே ஊஞ்சல் என்று எழுதிவிடும். 'ஒரு' என்று மாற்றினால் சரியான விடையே பிழையாகிவிடும். அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு, "முகப்பில் தொங்குவது எது?" என்று கேளுங்கள். பேச்சில் 'ஒரு ஊர்ல' என்று கதை சொல்வதை யாரும் திருத்த வேண்டியதில்லை. இது எழுத்துக்கான விதி.