இடுக்கில் சிவப்பு: ஓரத்தைப் பார்த்தால் தெரியும்

"எனக்கு 47 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம், நடவு வேலைக்குப் போகிறேன். இரண்டு மாதமாக மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் சிவந்து கிடக்கிறது. மேலே எரிச்சல், கீழே அரிப்பு. மெடிக்கலில் கொடுத்த டியூப்பைத் தடவினால் இரண்டே நாளில் அடங்கும், விட்டால் முன்பைவிட அதிகமாக வருகிறது. இப்போது என் கணவருக்கும் இடுப்பில் அரிப்பு. இது வியர்வையா, படர்தாமரையா?"

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மேலே இருப்பது ஒன்று, கீழே இருப்பது வேறு ஒன்று என்றே தோன்றுகிறது. ஒரே டியூப்பை இரண்டுக்கும் தடவியதில்தான் குழப்பம்.

முதலில் அந்த டியூப்பை எடுத்து, பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்து, கிருமி மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து வரும் களிம்புகள்தான் நம் ஊர் மருந்துக்கடைகளில் அதிகம் போகின்றன. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும். அதனால்தான் இரண்டே நாளில் நிம்மதி. ஆனால் பூஞ்சையை எதிர்க்க வேண்டிய தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே அமுக்குகிறது. பூஞ்சை உள்ளே சத்தமில்லாமல் பரவி, தடவுவதை நிறுத்தியதும் வெளியே தெரிகிறது. இடுக்குத் தோல் மெல்லியது, அங்கே மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் தேய்ந்து வரி வரியாகக் கிழிந்த தழும்பு விழும். அரிப்பு போனாலும் அந்தத் தழும்பு போகாது.

சரி, வியர்வையா பூஞ்சையா என்று எப்படித் தெரியும்? குளித்துத் துடைத்த பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில், கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பின் நடுவை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் கவனியுங்கள்.

வியர்வையும் உரசலும் மட்டும் என்றால் சிவப்பு இரண்டு மடிப்பிலும் ஒட்டும் இடத்தில், கண்ணாடியில் பார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும். ஓரம் மங்கி, மெல்ல மறையும். அரிப்பைவிட எரிச்சல் அதிகம். ஈரம் கோர்த்த அந்த மடிப்பில் கேண்டிடா என்கிற பூஞ்சை குடியேறினால் சிவப்பு ரத்தச் சிவப்பாகும், மடிப்பின் ஆழத்தில் தயிர்த்திப்பி போல வெள்ளையாகப் படியும், தோல் வெடிக்கும். முக்கியமாக, சிவப்பு முடிந்த எல்லைக்கு வெளியே கடுகளவில் சிவந்த பருக்கள் தனித்தனியாகச் சிதறி இருக்கும். அந்தச் சிதறல் பருக்களைக் கண்டால் கேண்டிடா என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

படர்தாமரையின் ஓரம் வேறு. வரப்பு கட்டியது போலச் சற்று மேடாக, செதில் உரிந்து, வளைந்து வளைந்து தொடைப்பக்கம் நகர்ந்து போகும். நடுப்பகுதி தெளிந்து பழுப்பாகும். ஒரு தொடையில் அதிகம், மறு தொடையில் குறைவு என்பது சகஜம். எரிச்சலைவிட அரிப்புதான் ஆளைக் கொல்லும். ஆனால் ஒன்று: ஸ்டீராய்டு தடவிய படர்தாமரை இந்த வரப்பையே இழந்துவிடும். அப்போது எனக்கும்கூடக் கண்ணால் மட்டும் சொல்ல முடிவதில்லை. செதிலைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் முடிகிற சோதனைதான். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். போவதற்கு முன் சில நாள் எந்தக் களிம்பும் தடவாதீர்கள், இல்லாவிட்டால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரும்.

கணவருக்கும் இடுப்பில் வந்திருப்பதால் உங்கள் தொடையில் இருப்பது படர்தாமரை என்றே சந்தேகிக்கிறேன். வெறும் வியர்வைப் புண் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.

இனி செய்ய வேண்டியது. அந்த டியூப்பை நிறுத்துங்கள். நிறுத்திய முதல் வாரம் சிவப்பும் அரிப்பும் கூடும். பயந்து மறுபடி எடுக்காதீர்கள், இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். மார்புக்கு அடியில் குளித்ததும் தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் ஃபேன் காற்று படவிடுங்கள். சிதறல் பருக்கள் இருந்தால் ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசால் 1% களிம்பை மெல்லியதாக இரண்டு வேளை, இரண்டு முதல் நான்கு வாரம் தடவுங்கள். பருக்கள் இல்லாத வெறும் உரசல் என்றால் துத்தநாக ஆக்சைடு களிம்பு போதும். வேலைக்குப் போகும்போது பழைய வேட்டித் துணியை நாலு விரல் அகலத்தில் கிழித்து மடிப்புக்குள் வையுங்கள். நனைந்தால் மாற்ற இன்னும் இரண்டு துண்டு கையில் இருக்கட்டும். பவுடரைக் கொட்டினால் வியர்வையில் குழைந்து கட்டியாகி, அதுவே உரசும்.

தொடை இடுக்குக்கு இவ்வளவு எளிதில் வழி இல்லை. ஸ்டீராய்டு பட்ட படர்தாமரைக்குப் பெரும்பாலும் மாத்திரையும் வேண்டியிருக்கும். இட்ராகோனசால் போன்ற மாத்திரைகள் இதய நோய், ஈரல் கோளாறு இருப்பவர்களுக்கும், கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்தாகலாம். அதனால் கடையில் கேட்டு வாங்காமல் மருத்துவர் எழுதித் தந்தே சாப்பிடுங்கள். மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்பைத் தடவும்போது சிவப்பின் மேல் மட்டும் நிறுத்தாமல், ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்கு நல்ல தோலிலும் தடவுங்கள். கண்ணுக்கு மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும்.

அப்புறம், உங்கள் கணவர் அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறாரா? இது வீட்டு வழக்கம், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் நூல் கயிறு குளிக்கும்போது நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. அரிப்பு அந்தக் கயிறு போகும் வட்டத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆறும்வரை கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மனசு ஒப்பாவிட்டால் வெள்ளிக்கு மாறலாம். இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும். துண்டு, சோப்பு தனித்தனி. உள்துணியையும் உள்பாவாடையையும் கொதிநீரில் ஊறவைத்து, திருப்பிப் போட்டு வெயிலில் காயவையுங்கள். ஐப்பசி அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அந்த நாட்களில் தையல் ஓரங்களிலும் நாடா போகும் மடிப்பிலும் சூடாக இஸ்திரி போட்டுவிடுங்கள். வயலில் இருந்து வந்ததும் ஈரப் பாவாடையோடு சமையலுக்கு உட்காராதீர்கள்.

சீமை அகத்தி இலையை அரைத்துப் போடுவது நம் பக்கத்தில் உண்டு. கையிலோ முதுகிலோ உள்ள தேமலுக்கு யாராவது போட்டால் நான் சண்டைக்கு வருவதில்லை. ஆனால் வெந்து கிடக்கும் மடிப்பில் அதையோ, சுண்ணாம்பையோ, பூண்டையோ, டெட்டால் மாதிரி திரவத்தையோ வைத்தால் தோல் பொசுங்கி, எது நோய், எது காயம் என்றே தெரியாமல் போகும்.

கூடவே வெறும் வயிற்றில் சர்க்கரை பாருங்கள். மடிப்பில் கேண்டிடா திரும்பத் திரும்ப வருவதை வைத்தே சர்க்கரை நோயைக் கண்டுபிடித்தவர்கள் என்னிடம் நிறையப் பேர். 126 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சர்க்கரை அடங்காமல் மார்புக்கு அடியில் உள்ள சிவப்பும் அடங்காது.

இரண்டு வாரத்தில் மார்புக்கு அடியில் மாற்றமே இல்லை என்றால் அது சோரியாசிஸ் போல வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், வந்து காட்டுங்கள். சிவப்பு சூடாகி, வீங்கி, காய்ச்சலோ சீழோ வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். போகும்போது அந்தப் பழைய டியூப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.