பீக் விஓ2 குறைவு: தடை இதயத்திலா, நுரையீரலிலா?

கேள்வி: ஆண், வயது 56, எடை 70 கிலோ. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இதய டாக்டர் நுரையீரல் என்கிறார், நுரையீரல் டாக்டர் இதயத்தைப் பாருங்கள் என்கிறார். முகமூடி மாட்டி சைக்கிள் மிதித்த சோதனையில் பீக் விஓ2 14, இருக்க வேண்டியதில் 55 சதவீதம் என்று வந்தது. கோளாறு எதில்?

பதில்: அந்த 55 சதவீதத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. உச்சத்தில் உங்கள் உடம்பு நிமிடத்துக்கு, கிலோவுக்கு 14 மில்லி ஆக்சிஜன்தான் எடுத்தது என்பது மட்டும்தான் அதில் தெரியும். தடுத்தது யார் என்பது உள்பக்கங்களில் இருக்கிறது. பல இடங்களில் முதல் பக்கத்தை மட்டும் கையில் திணித்து அனுப்பிவிடுகிறார்கள், வரைபடங்களோடு முழு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். முகமூடியே இல்லாமல் டிரெட்மில்லில் ஓடவிட்டு விஓ2 என்று எழுதித் தந்தால் அது அளந்த எண்ணே அல்ல, கணக்குப் போட்டு எழுதியது. கைக்கடிகாரம் காட்டுவதும் அப்படித்தான்.

முதலில் பார்க்க வேண்டியது மூச்சுக் கையிருப்பு. ஊதும் சோதனையில் முதல் வினாடியில் வெளியே வந்த காற்று 1.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 40-ஆல் பெருக்கினால் 60. நிமிடத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு லிட்டர்தான் உங்களால் மூச்சு விட முடியும். மிதித்து முடிக்கும்போது 56 லிட்டர் போயிருந்தால் கையிருப்பு தீர்ந்துவிட்டது, தடை நுரையீரலில். 36 லிட்டரிலேயே கால் ஓய்ந்திருந்தால், 40 சதவீதம் மிச்சம் இருக்க, மூச்சுப் போதாமல் நீங்கள் நிற்கவில்லை. அப்போது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் இறங்காமல் இருந்தால், பார்வை இதயத்தின் பக்கம் திரும்ப வேண்டும்.

அங்கே பார்ப்பது ஆக்சிஜன் பல்ஸ், அதாவது ஒரு துடிப்புக்கு உடம்பு எடுத்த ஆக்சிஜன். உங்கள் உச்சம் 14 பெருக்கல் 70, நிமிடத்துக்கு 980 மில்லி. துடிப்பு 140 என்றால் துடிப்புக்கு 7 மில்லி. இந்தக் கோடு பாதி வழியிலேயே படுத்துக்கொண்டு, துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் கூடவில்லை என்று சந்தேகிக்கலாம். ரத்தசோகையும் பழக்கமில்லாத உடம்பும்கூட இந்த எண்ணைக் குறைக்கும், ஹீமோகுளோபின் பார்த்தாயிற்றா?

இதெல்லாம் நீங்கள் முழுமூச்சாக மிதித்திருந்தால்தான் செல்லும். வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடை உடம்பு எடுக்கும் ஆக்சிஜனால் வகுத்தால் வருவது ஆர்.ஈ.ஆர். என்ற எண், அது 1.10-ஐத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். அது 0.9-ல் நின்று, மூச்சுக் கையிருப்பும் நிறைய மிச்சம் இருந்தால் சோதனை பாதியில் நின்றுபோனது, அதை வைத்து இதயத்தைக் குற்றம் சொல்லக் கூடாது.

அப்புறம், பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது துடிப்பை ஏறவிடாது. அதே 980 மில்லியில் துடிப்பு 105-ஐத் தாண்டாவிட்டால் ஆக்சிஜன் பல்ஸ் 9.3 என்று வந்து, இதயம் நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். சிலர் துடிப்பு ஏறாததை மட்டும் பார்த்து ‘நோயாளி முயலவில்லை’ என்று எழுதி முடித்துவிடுவார்கள், மாத்திரைச் சீட்டை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. பெயரையும் அளவையும் சோதனைக்கு முன்பே அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.