நூல் மதிப்புரையில் குறையைச் சொல்வது எப்படி?

கேள்வி: "ஆய்வு நூலுக்கு மதிப்புரை எழுதினேன். 'ஆசிரியரைத் தாக்குகிறது, திருத்துங்கள்' என்று இதழிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படி மாற்றுவது?"

முதலில் ஆசிரியரை எழுவாயாகக் கொண்ட வாக்கியங்களை அடிக்கோடிடுங்கள். வம்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சோழர் ஆட்சி பற்றிய நூல் ஒன்றுக்கு இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: "ஆசிரியருக்குக் கல்வெட்டே படிக்கத் தெரியவில்லை, குடவோலை எல்லா ஊரிலும் இருந்ததாம்!" அந்த 'தாம்' ஒன்றே போதும், நக்கல் தெரிந்துவிடும்.

திருத்தியது: "சோழ நாட்டு ஊர்கள் அனைத்திலும் குடவோலை முறை இருந்ததாக மூன்றாம் இயல் கூறுகிறது. அதற்குக் காட்டப்படும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஒரு பிரமதேயச் சபையின் வாரியத் தேர்வு விதிகள். பிற ஊர்களுக்குச் சான்று தரப்படவில்லை."

கண்டனம் குறையவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது. இப்போது ஆசிரியர் பதில் சொல்ல முடியும். பக்க எண்ணையும் சேருங்கள். அவர் "பெரும்பாலும்" என்று எழுதியிருந்தால் அதை "அனைத்திலும்" ஆக்கிவிடக் கூடாது. மூலத்தை மறுபடி பாருங்கள்.

அப்புறம், குறையின் எல்லையையும் சொல்லுங்கள்: ஏரிப் பராமரிப்பு பற்றிய இயல் இந்த வாதத்தை நம்பி நிற்கவில்லை என்றால், அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அச்சுப்பிழைகளுக்கும் ஒரு வரி போதும்.