வெயிலில் மங்கும் திரை: பைக்கில் வழி பார்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நண்பகலில் அரை மணி நேரம் ஓட்டியதும் திரை மங்கிவிடுகிறது. பிரைட்னஸ் முழு அளவில்தான் இருக்கிறது. போனை ஜிப் வைத்த வாட்டர்ப்ரூஃப் பவுச்சில் மாட்டி, சார்ஜும் போட்டிருக்கிறேன். திரை பழுதாகிவிட்டதா?

திரையில் பழுது இருக்க வாய்ப்பில்லை. உள்ளே வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டும்போது போன் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் திரையின் ஒளியைக் குறைக்கும், பிறகு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், அதற்கும் அடங்காவிட்டால் எச்சரிக்கை காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே திரை தெரியாத சிக்கலும் போன் சூடாகும் சிக்கலும் உங்கள் விஷயத்தில் ஒன்றுதான்.

அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. உங்கள் போன் 16 செ.மீ. நீளமும் 7.5 செ.மீ. அகலமும் கொண்டது என்றால் அதன் பரப்பு 120 சதுர செ.மீ.; வெயில் நேராக விழும்போது அதன் மீது 12 வாட் வரை இறங்குகிறது, கருமையான கண்ணாடி அதில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. முழு வெளிச்சத்தில் மேப் ஓடும்போது போன் தானாக உண்டாக்கும் வெப்பமோ ஏறக்குறைய மூன்று நான்கு வாட்தான். பின்னணியில் ஓடும் செயலிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருப்பதைவிட வெயிலைத் தடுப்பதும் காற்றுக்கு வழிவிடுவதும் எவ்வளவு பெரிய வேலை என்பது இதிலிருந்தே தெரியும்.

உங்கள் பவுச் இந்த இரண்டையும் கெடுக்கிறது. அதன் பிளாஸ்டிக் முகப்பு வெயிலை உள்ளே விடுகிறது, ஆனால் ஓடும் வண்டியில் இலவசமாகக் கிடைக்கும் காற்றைப் போனின் முதுகில் படவிடுவதில்லை. மழை இல்லாத நாளில் போனின் கவரையும் கழற்றிவிட்டு, நான்கு மூலைகளை மட்டும் பிடிக்கும் திறந்த ஹோல்டரில் மாட்டுங்கள். புறப்படும் முன்பே சார்ஜை 80 சதவீதத்துக்கு ஏற்றிக்கொண்டு, வழியில் தேவைப்பட்டால் மட்டும் வேகம் குறைந்த சார்ஜரில் வயர் மூலம் போடுங்கள். வயர்லெஸ் சார்ஜிங் ஹோல்டர் வெயிலுக்கு ஏற்றதல்ல, ஏனெனில் மின்சாரத்தின் கணிசமான பங்கு வெப்பமாகவே போனின் முதுகில் இறங்குகிறது. மேப்பை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கிவைத்தால், சிக்னல் குறைந்த சாலையில் போன் டேட்டாவுக்காகத் திணறும் வெப்பமும் மிச்சமாகும்.

இத்தனை செய்தும் சிக்னலில் நிற்கும்போது காற்று நின்றுவிடும் என்பதால் வெப்பம் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான். நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் கையுறையைக் கழற்றித் திரை மேல் போர்த்திவையுங்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் நான் இன்றும் இதைத்தான் செய்கிறேன்.

கேள்வி: நிழலுக்காகப் போனின் மேல் சிறு கூரை போன்ற தடுப்பு வைத்தேன். சூடு குறைந்தது, ஆனால் திரை முன்பைவிட மங்கலாகிவிட்டது. ஏன்?

சுற்றுப்புற வெளிச்சத்தை அளக்கும் சென்சார் பெரும்பாலும் திரையின் மேல் விளிம்பை ஒட்டியே இருக்கும். உங்கள் கூரை அதன் மீது நிழல் போட, ஏதோ அறைக்குள் வந்துவிட்டோம் என்று போன் நினைத்துக்கொள்கிறது. ஆட்டோ பிரைட்னஸை அணைத்துவிடுவதுதான் உடனே தோன்றும் தீர்வு, ஆனால் பல போன்களில் வெயிலுக்கான உச்ச ஒளி ஆட்டோ நிலையில் மட்டுமே கிடைக்கும். கையால் முழுதாக ஏற்றினாலும் அந்த அளவுக்குப் போகாது. எனவே ஆட்டோவை விட்டுவைத்து, தடுப்பைச் சற்றே பின்னுக்கு நகர்த்தி, சென்சார் இருக்கும் இடத்தில் வெளிச்சம் படும்படி செய்யுங்கள். மங்கலுக்குக் காரணம் சென்சாரா வெப்பமா என்று அறிய, வண்டியை நிறுத்திவிட்டுப் போனைத் தடுப்பிலிருந்து வெளியே எடுங்கள். சில நொடிகளில் திரை பளிச்சென்று ஆனால் சென்சார்தான் காரணம். ஆகாமல் முதுகும் கை சுடும் அளவுக்கு இருந்தால் வெப்பம்.

கேள்வி: இருண்ட நிற மேப் வைத்தால் சூடு குறையுமா?

ஓஎல்இடி திரையில் மின்செலவு சிறிது குறையும், ஆனால் மேலே சொன்ன 12 வாட்டுக்கு முன் அது பொருட்டல்ல. மேலும் கருப்புப் பின்னணியில் வானமும் உங்கள் ஹெல்மெட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். பகலில் வெளிர் நிற மேப்பே நல்லது. அதோடு போனின் சாய்வையும் சரிபாருங்கள்: திரையில் வானத்துக்குப் பதிலாக உங்கள் மார்புப் பகுதி பிரதிபலிக்கும்படி திருப்பிவைத்து, அடர்நிறச் சட்டை அணிந்தால், எந்த ஸ்டிக்கரும் தராத தெளிவு கிடைக்கும்.

கேள்வி: கூலிங் கிளாஸ் போட்டால் திரை கருப்பாகிவிடுகிறது.

அது போலரைஸ்டு கண்ணாடியாக இருக்க வேண்டும். போனை நிமிர்ந்த நிலையிலிருந்து கிடைநிலைக்குத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் மறையும் திரை மற்றதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டிலும் தெரியாவிட்டால் போலரைஸ்டு அல்லாத கண்ணாடிக்கு மாறுவதே வழி.

கேள்வி: எச்சரிக்கை வந்துவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

கூடாது, உள்ளே ஈரம் படியும். சார்ஜ் வயரைப் பிடுங்கி, கவரைக் கழற்றி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். அடுத்த முறை வெயில் கடுமையாக இருந்தால் திரையை அணைத்துப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, ஹெல்மெட் ஸ்பீக்கரில் குரல் வழிகாட்டலை மட்டும் கேட்டுக்கொண்டு போகலாம்.