எரிந்துபோன சரக்குக்குக் கணக்கு ஏது? – தணிக்கையாளர் பதில்கள்

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். டிசம்பரில் மின்கசிவால் குடோன் எரிந்துவிட்டது. சரக்குப் பதிவேடு எழுதும் பழக்கம் இல்லை. எவ்வளவு சரக்கு இருந்தது என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எப்படி நிரூபிப்பது?

கொள்முதல் பில்லும் விற்பனைக் கணக்கும் இருந்தால் போதும், போன வருட லாப விகிதத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடலாம். நீங்கள் அனுப்பிய எண்களையே போட்டுப் பார்க்கிறேன் (எல்லாம் ஜிஎஸ்டி நீங்கலாக).

போன நிதியாண்டில் ஆரம்பச் சரக்கு 18 லட்சம், கொள்முதல் 62 லட்சம், இறுதிச் சரக்கு 20 லட்சம். அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கவிலை 60 லட்சம். விற்பனை 80 லட்சம் என்பதால் மொத்த லாபம் 20 லட்சம், அதாவது விற்பனையில் 25%.

இந்த ஏப்ரல் 1 முதல் தீப்பிடித்த நாள் வரை கொள்முதல் 45 லட்சம், விற்பனை 52 லட்சம். 25% லாபத்தைக் கழித்தால் விற்றதன் அடக்கம் 39 லட்சம். 20-உம் 45-உம் சேர்ந்த 65 லட்சத்தில் 39 போக, 26 லட்சத்துக்குச் சரக்கு இருந்திருக்க வேண்டும்.

ஆனால் நஷ்டத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் இதோடு விடமாட்டார். ஆடித் தள்ளுபடியில் என்ன விற்றீர்கள் என்று கேட்பார். உங்கள் பில் புத்தகத்தின்படி 8 லட்சத்துக்குப் பழைய சேலைகள் 10% லாபத்தில் போயிருக்கின்றன. அந்த விற்பனைக்கு அடக்கம் 7.2 லட்சம். மீதி 44 லட்சத்துக்கு அடக்கம் 33 லட்சம். ஆக 40.2 லட்சம் கழிய, சரக்கு 24.8 லட்சம்தான். இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர் கண்டுபிடித்தால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்.

பாலிசி 20 லட்சத்துக்கு எடுத்திருந்தேன். 20 லட்சமும் கிடைக்குமா? (அதே வாசகர்)

கிடைக்காது. தண்ணீரும் புகையும் பட்டுத் தப்பிய சேலைகளுக்கு 3.8 லட்சம் மதிப்புப் போட்டிருக்கிறார்கள். ஆக நஷ்டம் 21 லட்சம். இருந்த சரக்கு 24.8, காப்பீடு 20 என்பதால் நஷ்டமும் அதே விகிதத்தில் குறையும்: 21 × 20 ÷ 24.8, சுமார் 16.94 லட்சம். சிறுகடைகளுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் 15% வரையிலான குறைவைப் பொருட்படுத்த மாட்டார்கள். உங்களுடையது 19% தாண்டிவிட்டது.

வருமான வரிக்காக மார்ச் மாதச் சரக்கைக் குறைத்துக் காட்டுவது எங்கள் கடையில் வழக்கம். இதனால் கிளைமில் பாதிப்பு வருமா? – தேவகோட்டை

இரண்டு அடி விழும். ஐந்தொகையை வீட்டிலேயே எழுதிப் பழகிய ஊரில் இந்தக் கேள்வி வருவது கொஞ்சம் வேடிக்கைதான்!

மேலே சொன்ன கடையில் 20 லட்சச் சரக்கை 16 என்று காட்டியிருந்தால், விற்றதன் அடக்கம் 64 லட்சமாக ஏறி, லாப விகிதம் 20%-க்கு இறங்கும். தள்ளுபடி விஷயத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆரம்பச் சரக்கு 16, கொள்முதல் 45, கழிய வேண்டியது 52-இல் 80% ஆன 41.6. மிஞ்சுவது 19.4 லட்சம். மறைத்தது 4 லட்சம், இழப்பது 6.6 லட்சம். முதலில் ஆரம்பச் சரக்கு குறைகிறது, பிறகு விகிதமும் குறைகிறது.

வங்கிக்கு மட்டும் கூடுதலாகச் சரக்குப் பட்டியல் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். சர்வேயர் இரண்டையும் கேட்டு வாங்குவார். தணிக்கை செய்த கணக்கில் இருப்பதைத்தான் பிடித்துக்கொள்வார்.

கண்மாய் உடைந்து கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பில்கள், கணினி எல்லாம் போச்சு. கெட்டுப்போன மளிகையை அப்புறப்படுத்தலாமா? – பள்ளத்தூர்

சர்வேயர் பார்க்கும்வரை எதையும் வீசாதீர்கள். நாற்றம் தாங்காவிட்டால் மூட்டைகளை எண்ணி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு அகற்றுங்கள். கொள்முதலுக்கு ஜிஎஸ்டி தளத்தில் GSTR-2B, விற்பனைக்கு GSTR-1 இருக்கும். வரி இல்லாத அரிசி, பருப்பு 2B-யில் வராது. அதற்கு மொத்த வியாபாரிகளிடம் உங்கள் பேரேட்டு நகலை வாங்குங்கள். மளிகைக்கும் பாத்திரத்துக்கும் லாபம் வேறு வேறு என்பதால், இரண்டும் விற்கிறீர்களானால் தனித்தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள்.

நெசவாளர்கள் விற்றுத் தரச் சொல்லி வைத்த சேலைகளும் எரிந்தன. சேர்க்கலாமா?

அவை உங்கள் கொள்முதல் அல்ல. இந்தக் கணக்கில் வராது. பிறர் சரக்கையும் காப்பதாகப் பாலிசியில் எழுதியிருந்தால் மட்டும், பொறுப்புச் சீட்டுகளோடு தனியாகக் கேளுங்கள்.