நாணின் நீளம் மட்டும் போதுமா?

கேள்வி: ஒரு வட்ட வளையத்தில், உள்வட்டத்தைத் தொட்டுச் செல்லும் வெளிவட்ட நாணின் நீளம் 14 செ.மீ. ஆரம் இரண்டுமே தரவில்லை. பரப்பு எப்படிக் காண்பது?

ஆரங்கள் தேவையே இல்லை. விடை 49π, அதாவது சுமார் 154 ச.செ.மீ.

வெளி ஆரம் R, உள் ஆரம் r என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தின் பரப்பு π(R² − r²). இதில் R, r தனித்தனியாக வேண்டாம், R² − r² கிடைத்தால் போதும். மையத்திலிருந்து நாண் தொடும் புள்ளிக்கு ஒரு கோடு வரையுங்கள். அது உள் ஆரம், தொடுகோட்டுக்குச் செங்குத்து. மையத்திலிருந்து வரும் செங்குத்து நாணை இருசமமாக வெட்டும், எனவே பாதி நாண் 7. அப்புறம் மையத்தை நாணின் ஒரு முனையோடு சேருங்கள். அது R. இந்தச் செங்கோண முக்கோணத்தில் R² = r² + 7². ஆக R² − r² = 49.

நம்பிக்கை வரவில்லையா? R = 25, r = 24 என்று போட்டுப் பாருங்கள்: 625 − 576 = 49. உள்வட்டம் சுருங்கி வெறும் புள்ளியானால் நாணே விட்டமாகிவிடும், அப்போதும் 7 ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு அதே 49π.

பலர் சறுக்குவது பாதியாக்க மறந்து 196π என்று எழுதுவதில்தான். இன்னொன்று, இரு வட்டங்களுக்கும் மையம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நாணின் நீளம் இடத்துக்கு இடம் மாறும், இந்த வழி செல்லாது.